நூற்றுநான்கு டிகிரி, இரண்டு உடம்புகள்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை கொட்டி, ஆரணியாற்று வெள்ளம் ஏரிக்குள் இறங்கிய பிறகு, இடுப்பளவு தண்ணீரில் நின்று சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண் ஒருவர். வயது நாற்பது இருக்கும். ஒருநாள் மாலை வீடு திரும்பியதும் முதுகு சில்லிடுகிறது, பல் தந்தியடிக்கிறது, இரண்டு போர்வை போர்த்தியும் குளிர் அடங்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வெப்பமானி வைத்துப் பார்த்தால் 104 டிகிரி ஃபாரன்ஹீட்.

இன்னொருவர் கடலுக்குப் போகிறவர். அக்னி நட்சத்திர நாளில், கடற்காற்று கிளம்பத் தாமதமான ஒரு முற்பகலில், கரை திரும்புகிறது ஃபைபர் படகு. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடப்பதால் படகை ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்குக் கால் தள்ளாடுகிறது, பேச்சு உளறலாகிறது, மணலில் சாய்ந்துவிடுகிறார். உடம்பைத் தொட்டால் கொதிக்கிறது. அவருக்கும் வெப்பம் 104, ஒருவேளை அதற்கும் மேல்.

எண் ஒன்றுதான். ஆனால் முதலாமவர் மேல் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் அவருக்கு அவதிதான் கூடும். இரண்டாமவருக்குப் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நிழலில் கிடத்திக் காத்திருந்தால் அவர் இறந்துபோகலாம். முதலாமவருக்கு வந்திருப்பது காய்ச்சல். இரண்டாமவருக்கு வந்திருப்பது வெப்பத்தாக்கு. அது காய்ச்சலே இல்லை. இந்த வித்தியாசம் மூளைக்குள் ஓர் இடத்தில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எப்போது வெப்பத்தை இறக்க வேண்டும், எப்போது விட்டுவிடலாம், எப்போது இறங்கிய பிறகும் கவலைப்பட வேண்டும் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளியும்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அதன் முன்முனையில் உள்ள நரம்பணுக்கள், ஓடிவரும் இரத்தத்தின் சூட்டையும் தோலிலிருந்து வரும் செய்தியையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. உடம்பு எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று ஓர் இலக்கை அவை வைத்திருக்கின்றன. சாதாரண நாளில் அது 98 டிகிரியை ஒட்டியிருக்கும். சூடு இலக்கைத் தாண்டினால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து வியர்வை வரும். குறைந்தால் குழாய்கள் சுருங்கும், கை கால் சில்லிடும், தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்கும். உடலியல் ஆய்வாளர்கள் இன்று இதை ஒரே இலக்கு என்று சொல்லத் தயங்குகிறார்கள். வியர்வைக்கு ஒன்று, நடுக்கத்துக்கு ஒன்று, குழாய் சுருங்குவதற்கு ஒன்று எனத் தனித்தனி எல்லைகள் சேர்ந்து இயங்குவதாகவே பார்க்கிறார்கள். நம் காரியத்துக்கு இலக்கு என்றே வைத்துக்கொள்ளலாம்.

இறால் பிடித்த பெண்ணின் உடம்பில் நடந்தது இதுதான். மழைவெள்ளம் எலியின் சிறுநீரோடு சேர்ந்து லெப்டோஸ்பைரா என்னும் கிருமியை ஏரிக்குக் கொண்டுவந்திருக்கலாம். உப்புத் தண்ணீரில் அந்தக் கிருமி அதிக நாள் தாங்காது. ஆற்று வெள்ளம் இறங்கி ஏரியின் உப்புக் குறைகிற மழைக்காலத்தில்தான் அதற்கு வாய்ப்பு. கையிலோ காலிலோ சிராய்ப்பு இருந்தால் அதன் வழியே உள்ளே போய்விடும். எலிக்காய்ச்சல் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். வேறு கிருமியாக இருந்தாலும், டெங்கு வைரஸாக இருந்தாலும், மலேரியாவாக இருந்தாலும் இனி நடப்பதன் அடிப்படை ஒன்றே.

கிருமியின் உடற்பகுதியை நம் வெள்ளணுக்கள் அடையாளம் கண்டுகொள்கின்றன. கண்டதும் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்ற புரதங்களை இரத்தத்தில் விடுகின்றன. வெளியிலிருந்து வந்த கிருமிப் பொருளுக்கும், உள்ளே உருவான இந்தப் புரதங்களுக்கும் சேர்த்துப் பைரோஜன் என்று பெயர், காய்ச்சலை மூட்டுபவை. கிருமி உயிரோடு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1923-இல் அமெரிக்காவில் புளோரன்ஸ் சைபர்ட் என்ற வேதியியலாளர், இரத்தக் குழாயில் மருந்து ஏற்றப்பட்டவர்களுக்குத் திடீரென வரும் குளிர்காய்ச்சலை ஆராய்ந்தார். காய்ச்சி வடித்த தண்ணீரில் பாக்டீரியாவின் மிச்சம் கலந்திருந்ததுதான் காரணம் என்று கண்டார். கொதிக்கவைத்தால் பாக்டீரியா சாகும். காய்ச்சலை மூட்டும் அதன் துண்டுகள் சாதாரணக் கொதிப்பில் அழிவதில்லை. டிரிப் ஏற்றத் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் நோயாளி வெடவெடவென்று நடுங்கினால் செவிலியர் உடனே டிரிப்பை நிறுத்துவது இதனால்தான்.

இந்தப் புரதங்கள் மூளையின் இரத்தக் குழாய்களை அடைந்ததும் அங்குள்ள அணுக்கள் காக்ஸ்-2 என்னும் நொதியைத் தயாரிக்கின்றன. அந்த நொதி புராஸ்டாகிளாண்டின் இ2 என்ற சிறு மூலக்கூற்றை உண்டாக்குகிறது. ஹைபோதலாமஸின் முன்முனையில், சூட்டை உண்டாக்கும் வேலைகளுக்குக் கடிவாளம் போட்டு வைத்திருக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. புராஸ்டாகிளாண்டின் அவற்றின் மேல் ஒட்டி அவற்றை அடக்கிவிடுகிறது. கடிவாளம் தளர்ந்துவிட்டது. 98-இல் இருந்த இலக்கு 104-க்கு ஏறிவிடுகிறது.

அந்தக் கணத்தில் அந்தப் பெண்ணின் உடம்பு இன்னும் 98-இல்தான் இருக்கிறது. மூளையின் கணக்கில் அவர் ஆறு டிகிரி குளிர்ந்துபோய்க் கிடக்கிறார். அதனால்தான் சூடு ஏறுவதற்கு முன்பே குளிர் வருகிறது. கை கால் சில்லிடுகிறது, நடுங்குகிறது, போர்வை தேடுகிறார், சுருண்டு படுக்கிறார். நடுக்கம் தசையைச் சூடாக்க, சுருங்கிய குழாய்கள் அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்க, உடம்பு 104-ஐ எட்டுகிறது. எட்டியதும் நடுக்கம் நின்றுவிடும். இலக்கும் உடம்பும் சமமாகிவிட்டதால் அவருக்குக் குளிரவும் இல்லை, வியர்க்கவும் இல்லை. பின்னர் புராஸ்டாகிளாண்டின் குறைந்து இலக்கு இறங்கும்போது உடம்பு சூடு அதிகமாகிவிட்டதாக மூளை கணக்கிடுகிறது. அப்போது போர்வையை உதறித் தள்ளுகிறார், தலையணை நனையும்படி வியர்க்கிறது. குளிர், கொதிப்பு, வியர்வை என்று பாட்டிமார் சொன்ன வரிசை முழுவதும் ஒரே இலக்கின் ஏற்ற இறக்கம்.

மீனவ ஊர் என்பதால் இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மீனுக்கும் காய்ச்சல் உண்டு. மீன் நடுங்காது, வியர்க்காது, சுற்றியுள்ள தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. 1976-இல் ரெனால்ட்ஸ், காஸ்டர்லின், கவர்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் உள்ள தொட்டியில் நன்னீர் மீன்களை விட்டார்கள். பாக்டீரியா ஊசி போட்டதும் அந்த மீன்கள் தாம் வழக்கமாக விரும்பும் இடத்தை விட்டு இரண்டு மூன்று டிகிரி செல்சியஸ் கூடுதலாக உள்ள தண்ணீருக்கு நீந்திப் போய்விட்டன. காய்ச்சல் என்பது கிருமி உடம்பில் மூட்டிய தீ அன்று, உடம்பு தானே நாடிப் போகும் சூடு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. போர்வைக்குள் சுருளும் அந்தப் பெண் செய்வதும் அதையேதான்.

உடம்பு ஏன் அப்படி நாடிப்போக வேண்டும்? பல கிருமிகள் அந்தச் சூட்டில் மெதுவாகவே பெருகுகின்றன, வெள்ளணுக்கள் சுறுசுறுப்பாகின்றன. 1975-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகரும் அவரோடு வேலை செய்தவர்களும் பாலைவனப் பல்லிவகை ஒன்றுக்குக் கிருமியைச் செலுத்தி வெவ்வேறு வெப்பத்தில் வைத்தார்கள். வெப்பம் குறைந்த கூண்டுகளில் சாவு அதிகம்; காய்ச்சல் அளவுக்குச் சூடான கூண்டுகளில் பிழைத்தவை அதிகம். அடுத்த ஆண்டு, ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த மருந்தால் காய்ச்சல் இறங்கிவிட்ட பல்லிகள் செத்துப்போனதையும் அவர்கள் பதிவுசெய்தார்கள்.

இதைப் படித்துவிட்டுக் காய்ச்சலுக்கு மாத்திரையே தொடக்கூடாது என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. பல்லிக்கு மருத்துவமனை கிடையாது, ஆன்டிபயாடிக் கிடையாது. மனிதர்களிடம் பார்த்ததில் முடிவு அவ்வளவு கூர்மையாக இல்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த, காய்ச்சலும் தொற்றும் உள்ள 700 பேரில் பாதிப் பேருக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தக் குழாய் வழியாகப் பாராசிட்டமால் கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு மருந்தில்லாத திரவம். இரு தரப்பினரும் தீவிர சிகிச்சைக்கு வெளியே கழித்த நாட்களில் வேறுபாடு இல்லை. தொண்ணூறு நாளுக்குள் இறந்தவர்களின் விகிதமும் ஏறத்தாழ ஒன்றே. அதாவது காய்ச்சலை இறக்கியதால் நோய் சீக்கிரம் போகவும் இல்லை, இறக்கியதால் நோய் முற்றவும் இல்லை. என் கருத்தில் வீட்டில் இருப்பவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய உண்மை இதுதான்: பாராசிட்டமால் நோயைக் குணப்படுத்தும் மருந்தும் அன்று, குணமாவதைத் தடுக்கும் எதிரியும் அன்று. அது வலியையும் அலுப்பையும் குறைக்கிற மருந்து. காய்ச்சல்காரர் மாத்திரை போட்ட பிறகு நாலு மிடறு கஞ்சி குடிக்கிறார், கொஞ்சம் தூங்குகிறார் என்றால் அந்த மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது. வெப்பமானி இன்னும் 101 காட்டினாலும் அது தோல்வி அன்று.

மாத்திரை எங்கே வேலை செய்கிறது என்பது 1970 வாக்கில்தான் தெரிந்தது. பூனையின் மூளைக்குள் புராஸ்டாகிளாண்டினைச் செலுத்தினால் உடனே காய்ச்சல் வருவதை லண்டனில் மில்டனும் வென்ட்லண்ட்டும் கண்டார்கள். மறு ஆண்டே ஜான் வேன், ஆஸ்பிரின் உடம்பில் புராஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது என்று காட்டினார். அதற்காக 1982-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பாராசிட்டமாலும் மூளையில் புராஸ்டாகிளாண்டினைக் குறைத்தே காய்ச்சலை இறக்குகிறது. இலக்கு கீழே வருகிறது. இறங்கிய இலக்கைப் பிடிக்க உடம்பு வியர்க்கிறது.

இப்போது ஈரத்துணி. இலக்கு 104-இல் நிற்கும்போது குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை உடம்பெல்லாம் போர்த்தினால் என்ன ஆகும்? தோல் குளிரும். மூளையின் கணக்கில் உடம்பு இன்னும் இலக்குக்குக் கீழே போகிறது. குழாய்கள் சுருங்கும், மீண்டும் நடுக்கம் வரும், உடம்பு எரிக்கும் சக்தி கூடும். வெப்பமானியில் சிறிது இறங்கும், துணியை எடுத்ததும் பழையபடி ஏறிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால், பாராசிட்டமாலோடு சேர்ந்து முதல் ஒரு மணி நேரத்தில் சற்று வேகமாக இறங்கும். அதற்குப் பிறகு மாத்திரை மட்டும் கொடுத்தவருக்கும் இவருக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. குழந்தைகள் அதற்குள் அழுது களைத்துப்போயிருப்பார்கள். மாத்திரை கொடுத்து அரைமணி கழித்து, நெற்றியிலும் கழுத்திலும் வெதுவெதுப்பான துணியால் துடைப்பது நோயாளிக்கு இதமாக இருந்தால் செய்யலாம். ஐஸ் வேண்டாம், ஸ்பிரிட் தேய்ப்பது வேண்டவே வேண்டாம். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் குழந்தையின் உடம்புக்குள் போகும். குளிர் வரும்போது பெரியவர் போர்வை கேட்டால் கொடுங்கள். வியர்க்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். கைக்குழந்தையைப் போர்த்திப் பொதிந்து வைக்காதீர்கள். குழந்தையால் போர்வையை உதற முடியாது.

சூடு தலைக்கேறி மூளை கெட்டுவிடும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. தொற்றால் வரும் காய்ச்சலில் மூளையே ஓர் உச்சவரம்பை வைத்திருக்கிறது. இலக்கை ஏற்றிய அதே உடம்பு, அதைக் கட்டுப்படுத்தும் பொருட்களையும் சுரக்கிறது. அதனால் தொற்றுக்காய்ச்சல் மட்டும் 106 டிகிரியைத் தாண்டுவது அரிது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். பார்ப்பதற்கே பயங்கரமாக இருக்கும். ஆனால் ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும் வலிப்பு பெரும்பாலும் பின்விளைவு இல்லாமல் போய்விடுகிறது. நேரம் தவறாமல் பாராசிட்டமால் கொடுத்தும் அதைத் தடுக்க முடிவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தடுக்கத் தவறிவிட்டோமே என்று தாய் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-க்குப் போன் செய்யுங்கள். முதல் தடவை வலிப்பு வந்த குழந்தையை, நின்ற பிறகும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காய்ச்சலை இறக்குவது நிஜமாகவே உதவும் இடங்களும் உண்டு. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பு சுமார் பத்து சதவீதம் கூடுதல் சக்தியையும் ஆக்சிஜனையும் கேட்கும், இதயம் வேகமாக அடிக்கும், தண்ணீர் வேகமாக வற்றும். இளைஞர் அதைத் தாங்குவார். இதயம் பலவீனமானவர், நுரையீரல் நோயால் மூச்சுக்குத் திணறுபவர், மூளையில் அடிபட்டவர், கர்ப்பிணி ஆகியோருக்கு அந்தக் கூடுதல் சுமை ஆபத்து. அவர்களுக்குக் காய்ச்சலை இறக்குவது சிகிச்சையின் ஒரு பகுதி. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே, எந்த மருந்தும் கொடுக்காமல் நேராக மருத்துவமனைக்கு.

வீட்டில் அதிகம் தவறு நடக்குமிடம் சிரப்தான். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 180 மில்லிகிராம். கடையில் ஒரு பாட்டிலில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றிருக்கும்; அதில் 7 மில்லி கொடுக்க வேண்டும். இன்னொரு பாட்டிலில் 5 மில்லியில் 250 என்றிருக்கும். அதில் மூன்றரை மில்லி போதும். சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். போன மாதம் கொடுத்த நினைவில் ‘ஏழு மில்லி’ என்று சொட்டு மருந்தைக் கொடுத்தால், கிலோவுக்கு 60 மில்லிகிராம் வீதம் ஒரு நாள் முழுவதற்கும் கொடுக்கலாகும் அளவை ஒரே வாயில் ஏறத்தாழக் கொடுத்ததாகிவிடும். கல்லீரல்தான் அதற்கு விலை கொடுக்கும். பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே அளக்க வேண்டும்; ஆறு மணி நேர இடைவெளி நல்லது. பெரியவர்கள் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருப்பதை மறந்து இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள். மது அருந்துபவருக்கு வரம்பு இன்னும் குறைவு.

“ஒரு ஊசி போட்டு விடுங்க சார், நாளைக்கு வலைக்குப் போகணும்” என்று கேட்பவரின் அவசரம் எனக்குப் புரிகிறது. ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அன்றைய வருமானம் இல்லை. ஆனால் மாத்திரையை விழுங்க முடிகிறவருக்கு ஊசி கூடுதலாக எதையும் செய்வதில்லை. ஊசியில் வலி மருந்தாக டைக்ளோஃபினாக் போடப்பட்டிருந்தால், டெங்கு உள்ளவருக்கு இரத்தக் கசிவும் எலிக்காய்ச்சல் உள்ளவருக்குச் சிறுநீரகப் பாதிப்பும் கூடலாம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் காய்ச்சல் சட்டென்று விழும். கிருமி அப்படியே இருக்கும். வெப்பமானி சொல்லும் செய்தி மட்டும் மறைந்துவிடும். எலிக்காய்ச்சலுக்கு உரிய மருந்து டாக்சிசைக்ளின் அல்லது பென்சிலின் இனம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்து, மழைத்தண்ணீரில் வேலை செய்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

இனி மணலில் சாய்ந்தவர். அவருடைய மூளையின் இலக்கு 98-இலேயே இருக்கிறது. புராஸ்டாகிளாண்டின் எதையும் ஏற்றவில்லை. படகு தள்ளியதில் தசைகள் சூட்டை உண்டாக்கின, வெயில் அதைக் கூட்டியது. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால் வியர்வை ஆவியாவது ஒன்றே வெளிவழி. கடலோரக் காற்றில் ஈரம் நிறைந்து, அசைவும் இல்லாதபோது வியர்வை ஆவியாகாமல் வழிந்து விழுகிறது, உடம்பு குளிர்வதில்லை. மூளை இறக்கத்தான் சொல்கிறது, உடம்பால் முடியவில்லை. இங்கே உச்சவரம்பு கிடையாது. 104-ஐத் தாண்டினால் மூளை, கல்லீரல், சிறுநீரகம், தசை எல்லாம் வெந்துபோகத் தொடங்கும். பாராசிட்டமாலுக்கு இறக்க இலக்கு ஏதும் இல்லை. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.

இவரைக் கண்டுகொள்ளும் வழி புத்தி மாறாட்டம். உளறல், தள்ளாட்டம், யாரென்று தெரியாத பார்வை, வலிப்பு, மயக்கம். காய்ச்சல்காரர் குளிருது என்பார், போர்வை கேட்பார். இவர் கேட்க மாட்டார். தோல் காய்ந்துதான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேலை செய்து விழுந்தவருக்கு வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். அக்குள் வெப்பமானி இவருக்குக் குறைவாகக் காட்டும், அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

இவருக்குத்தான் குளிர்ந்த தண்ணீர். நிழலுக்குத் தூக்கி வந்து, சட்டையைக் கழற்றி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி, துண்டாலோ அட்டையாலோ விடாமல் விசிற வேண்டும். மீன் வைக்க ஐஸ் பெட்டி இருந்தால் அந்த ஐஸைத் துணியில் கட்டிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வையுங்கள். கழுத்து வரை குளிர்ந்த தண்ணீர் நிறைந்த பெரிய தொட்டியில் ஒருவர் தலையைத் தாங்கிப் பிடித்து உட்கார வைக்க முடிந்தால் அதைவிட வேகமான வழி இல்லை. மயங்கியவரை ஏரிக்குள் இறக்கக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். அரைமணி நேரத்துக்குள் வெப்பம் 102 வரை இறங்கினால் பிழைக்கும் வாய்ப்பு பெரிதாகக் கூடும், அங்கே நிறுத்திவிடலாம். ஒருவர் 108-க்குப் போன் செய்ய, மற்றவர்கள் குளிர்விப்பதை நிறுத்தாமல் செய்ய வேண்டும். முதலில் குளிர்வித்துவிட்டு, பிறகு ஏற்றிச் செல்வதே இந்த ஒரு நோய்க்குச் சரியான வரிசை.

கடைசியாக ஒன்று. காய்ச்சல் இறங்குவது எப்போதும் நல்ல செய்தி அன்று. நிலத்தடி நீர் உவர்ந்துபோன கரையோர ஊர்களில் குடிநீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைத்துத்தான் ஆக வேண்டும். மூடி இல்லாத டிரம்மில் ஏடிஸ் கொசு முட்டையிடும், டெங்கு வரும். டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விழும். வீட்டில் எல்லோரும் நிம்மதியடையும் அந்த நேரத்தில்தான், இருபத்துநான்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு, சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். நிறையப் பேருக்கு அது லேசாகக் கடந்துவிடும். கடக்காதவரை இப்படி அறியலாம்: உடம்பு சில்லென்று இருக்கிறது, ஆனால் ஆள் தெளியவில்லை, வயிறு விடாமல் வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கூப்பிட்டால் மந்தமாகப் பார்க்கிறார். இதில் ஒன்று இருந்தாலும் பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் போக வண்டி ஏற வேண்டும். அங்கே இரத்தத்தில் தட்டணு குறைகிறதா, இரத்தம் கெட்டியாகிறதா என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

போகும்போது ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், அதன்பின் வீட்டில் பார்த்த டிகிரிகள், கொடுத்த மாத்திரையின் பெயர், கடைசியாகக் கொடுத்த நேரம். ஒரு மணி நேரத்துக்கு முன் விழுங்கிய பாராசிட்டமால் வாசலில் வைக்கும் வெப்பமானியில் 99 காட்ட வைக்கும். நாலாம் நாளா ஆறாம் நாளா என்பதை வைத்தே மருத்துவர் எந்தப் பரிசோதனை, எவ்வளவு திரவம் என்று முடிவெடுப்பார். அந்த நாளை வீட்டில் இருந்தவர்தான் சொல்ல முடியும்.